ஒரு வாரத்துக்கு ஒரு சொற்குடும்பம்: தொடக்க வகுப்புகளில் பிழையின்றி எழுதப் பழக்கும் முறை

பிள்ளைகளின் நோட்டுகளில் உள்ள எழுத்துப்பிழைகளை ஒரு வாரம் மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவை நான்கைந்து இடங்களிலேயே குவிந்திருக்கும். பெரிய ற வர வேண்டிய இடத்தில் சின்ன ர இருக்கும். ல, ள, ழ மூன்றும் இடம் மாறிக் கிடக்கும். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன குழப்பம் இருக்கும். ஓர் இடத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கும், இன்னோர் இடத்தில் தேவையில்லாத ஒற்று நிற்கும்.

'காதைக் கொடுத்துக் கேட்டு எழுது' என்று சொன்னால் இவற்றில் பாதிகூடச் சரியாகாது. பலருடைய பேச்சில் ர, ற இரண்டும் ஒரே ஒலிதான். ள, ழ வேறுபாடும் பல பிள்ளைகளின் வீட்டுப் பேச்சில் இல்லை. அறிவு என்று நீங்கள் எவ்வளவு திருத்தமாகச் சொன்னாலும், அதில் வருவது எந்த 'றி' என்று காது சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது அந்தச் சொல்லின் உறவுக்காரச் சொற்கள்தான். அறி என்ற வேரில் பெரிய ற இருந்தால் அறிவு, அறிமுகம், அறிவிப்பு, அறிகுறி எல்லாவற்றிலும் அதே ற வரும். ஒரு சொல்லை உறுதியாகக் கற்ற பிள்ளைக்கு அந்தக் குடும்பத்தில் இதுவரை எழுதிப் பார்க்காத சொற்களும் கைவசம் ஆகின்றன.

வாரத்துக்கு ஒரு குடும்பம், நாளுக்குப் பத்து முதல் இருபது நிமிடம், வெள்ளிக்கிழமை ஒரு சிறு தேர்வு. முறை இவ்வளவுதான். மூன்றாம் வகுப்பில் அறி குடும்பத்தை எடுத்துக்கொண்டு ஒரு வாரத்தை முழுதாக நடத்திப் பார்ப்போம். மற்ற வகுப்புகளுக்கு எப்படி மாற்றுவது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சொற்களைத் தேர்ந்தெடுத்தல்

ஆறு சொற்கள் போதும். பத்து, பதினைந்து என்று கொடுத்தால் பிள்ளைகள் பட்டியலை மனப்பாடம் செய்வார்களே தவிர, சொற்களுக்குள் இருக்கும் உறவைக் கவனிக்க நேரம் இருக்காது. இந்த வாரத்துக்கு நான் எடுப்பவை: அறிவு, அறிந்தான், அறிமுகம், அறிவிப்பு, அறிகுறி, அறிவாளி.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு சொற்களை வெள்ளிக்கிழமைக்கு ஒளித்து வைத்துக்கொள்ள வேண்டும். அறிவுரை, அறிஞர் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். இவற்றை வாரம் முழுவதும் கரும்பலகையில் எழுதக் கூடாது. பிள்ளைகளில் யாராவது வாயால் சொன்னால் பரவாயில்லை, பாராட்டிவிட்டு எழுதாமல் நகருங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது ஒரு கட்டுப்பாடு மிகவும் முக்கியம். குழம்பக்கூடிய இரண்டு குடும்பங்களை ஒரே வாரத்தில் வைக்காதீர்கள். பறந்தது, பரந்தது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வேறுபாட்டைக் காட்டினால் தெளிவாகிவிடும் என்று நமக்குத் தோன்றும். நடப்பது நேர்மாறாக. இரண்டும் உறுதியாகாத நிலையில் சேர்த்துப் பார்க்கும் பிள்ளைக்கு 'இந்த இரண்டில் ஏதோ ஒன்று' என்பது மட்டும்தான் நினைவில் தங்கும். பறவை, பறந்தது, பறக்கும் ஒரு வாரம் வரட்டும். அது உறுதியான பிறகு, சில வாரங்கள் கழித்து, பரவல், பரப்பு, பரந்த என்று மற்றக் குடும்பம் வரட்டும். அதன்பிறகு இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பார்க்கலாம்: பரந்த வானில் பறவை பறந்தது.

திங்கள்: குடும்பத்தைக் கூட்டுதல் (20 நிமிடம்)

கரும்பலகையின் நடுவில் அறி என்று எழுதுங்கள். பொருளைக் கேளுங்கள். தெரிந்துகொள் என்று யாராவது சொல்வார்கள். சரி, இந்தச் சொல் உள்ளே ஒளிந்திருக்கும் வேறு சொற்கள் என்னென்ன? பிள்ளைகள் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதில் தெரிந்துகொள்வது எங்கே இருக்கிறது?

அறிமுகம் என்றால் ஒருவரின் முகத்தை மற்றவர் அறியச் செய்வது. அறிவிப்பு என்றால் எல்லோரும் அறியும்படி சொல்வது. அறிகுறி என்றால் ஒன்று வரப்போகிறது என்று அறிய உதவும் குறி. மேகம் கறுத்தால் மழைக்கு அறிகுறி. இந்த உரையாடலுக்குத் தாராளமாக நேரம் கொடுங்கள். அறிமுகம் என்ற சொல்லில் முகம் இருப்பதை முதன்முறையாகக் கவனிக்கும் பிள்ளையின் வியப்பு உண்மையானது. பொருளால் கட்டப்பட்ட எழுத்து எளிதில் கழன்று விழாது.

யாராவது ஒரு பிள்ளை நிச்சயம் அரிசி என்று சொல்லும். இன்னொன்று அரிவாள் என்று சொல்லும். வரவேற்று அதே கேள்வியைக் கேளுங்கள். அரிசியில் தெரிந்துகொள்வது எங்கே இருக்கிறது? இல்லை. அப்படியானால் அது இந்தக் குடும்பம் இல்லை. அரிவாள் வெட்டுவதற்கானது, அரிதல் என்றால் நறுக்குதல், அது வேறு குடும்பம். வாயால் சொல்லி அதோடு விட்டுவிடுங்கள். கரும்பலகையில் எழுத வேண்டாம், அறிவாளிக்குப் பக்கத்தில் எழுதவே வேண்டாம். ஒலி ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, பொருளும் சேர வேண்டும் என்ற சோதனையைத்தான் இங்கே கற்றுக்கொடுக்கிறோம். இது கைவந்துவிட்டால் பிள்ளை தானாகவே ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளும்.

அப்புறம் ஆறு சொற்களையும் பெரிதாக எழுதி, குழப்பம் வரும் எழுத்தின் அடியில் மட்டும் கோடு போடுங்கள். எல்லாச் சொல்லிலும் றி. அறிகுறியில் இரண்டு றி. அறிவாளியில் ளி. அறிவிப்பில் ப். ஒரு சொல்லுக்கு ஒன்று அல்லது இரண்டு இடங்களுக்கு மேல் கோடு வேண்டாம். எல்லாவற்றின் அடியிலும் கோடு இருந்தால் எதன் அடியிலும் இல்லாததற்குச் சமம்.

கடைசி ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் நோட்டில் ஒரு முழுப் பக்கத்தை நீளவாக்கில் நான்கு பத்திகளாக மடித்து, முதல் பத்தியில் இந்த ஆறு சொற்களையும் பார்த்து எழுதட்டும். இதை நீங்கள் அன்றைக்கே ஒவ்வொரு நோட்டாகப் பார்த்தாக வேண்டும். இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. முதல் பத்தியில் அரிமுகம் என்று தப்பாக எழுதிய பிள்ளை, அடுத்த மூன்று நாளும் அந்தத் தப்பையே அக்கறையாகப் பயிற்சி செய்யும். பெரிய வகுப்பாக இருந்தால் ஆறு சொற்களையும் நீங்களே எழுதிப் படியெடுத்த சிறு தாளைக் கொடுத்து ஒட்டச் சொல்வது பாதுகாப்பு.

செவ்வாய் முதல் வியாழன் வரை: பார், மூடு, எழுது, சரிபார்

நாளுக்குப் பத்து நிமிடம், நாளுக்கு ஒரு பத்தி. செவ்வாயன்று இரண்டாம் பத்தி, புதனன்று மூன்றாவது, வியாழனன்று நான்காவது. ஒரே நாளில் மூன்று பத்திகளையும் நிரப்பினால் வேலை முடிந்ததுபோல் தெரியும், ஆனால் மூன்றாவது முறை எழுதும்போது அந்தச் சொல் இன்னும் கண்ணிலேயே நிற்கும். ஒரு நாள் கழித்து மறுபடி நினைவிலிருந்து எடுக்கும்போதுதான் அது தங்குகிறது. அந்த ஓர் இரவு இடைவெளி பயிற்சியின் ஒரு பகுதி.

முறையின் பெயரே நான்கு கட்டளைகளாக இருப்பதால் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபடும். ஆனால் நான்கையும் முதல் சில வாரங்கள் நீங்கள் கரும்பலகையில் செய்துகாட்ட வேண்டும். ஒவ்வொன்றும் பிசகும் விதம் வேறு.

பார் என்பதில் அவசரம்தான் சிக்கல். சொல்லை ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும், கோடு போட்ட எழுத்தை நின்று பார்க்க வேண்டும், அதன் பெயரைச் சொல்ல வேண்டும். அறிமுகம், இதில் பெரிய றி. பிறகு கண்ணை மூடி அந்தச் சொல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் மறுபடி பார்க்கலாம், அதற்குத் தடையில்லை.

மூடு என்றால் முதல் பத்தியை மட்டும் மூடினால் போதாது. புதன்கிழமை எழுதும்போது செவ்வாய்க்கிழமை எழுதிய பத்தி பக்கத்திலேயே திறந்து கிடக்கும். பக்கத்தை மடிப்பு மடிப்பாக உள்ளே மடித்து, அன்றைய பத்தி மட்டும் வெளியே தெரியும்படி செய்யப் பழக்குங்கள். மடிக்க வராத சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கெட்டி அட்டையைக் கொடுத்துவிடலாம்.

எழுது என்பதில்தான் முறை உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். முழுச் சொல்லையும் ஒரே மூச்சில், நடுவில் திறந்து பார்க்காமல் எழுத வேண்டும். வகுப்பில் நடந்துகொண்டே தலைகளைக் கவனியுங்கள். ஓர் எழுத்து எழுதி, அட்டையைத் தூக்கி, அடுத்த எழுத்து எழுதி, மறுபடி தூக்கும் பிள்ளை நினைவிலிருந்து எழுதவில்லை, பார்த்துப் படியெடுக்கிறது. அதைத் திட்டாதீர்கள். அந்தப் பிள்ளைக்குச் சொல் நீளமாக இருக்கிறது என்று பொருள். அறி, முகம் என்று இரண்டு துண்டாகப் பிரித்து, முதலில் அறியை மட்டும் மூடி எழுதச் சொல்லுங்கள். அப்புறம் முகம். அடுத்த சுற்றில் இரண்டையும் சேர்த்து.

இன்னொரு பழக்கத்தையும் பார்ப்பீர்கள். சிலர் முதலில் ஆறு வரிசையிலும் 'அறி' என்று மட்டும் மேலிருந்து கீழாக எழுதிவிட்டு, அப்புறம் மிச்சத்தை நிரப்புவார்கள். வேகமாக முடியும், ஆனால் எந்தச் சொல்லும் முழுச் சொல்லாக மனதில் ஏறாது. ஒரு சொல் முழுவதும் முடிந்து, சரிபார்த்த பிறகே அடுத்த சொல் என்பதைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரிபார் என்பது எல்லோரும் தாண்டிக் குதிக்கும் படி. பிள்ளை மேலோட்டமாகப் பார்த்து டிக் போட்டுவிடும், ஏனென்றால் தான் எழுத நினைத்ததைத்தான் அது படிக்கிறது, எழுதியிருப்பதை அல்ல. இதற்கு விரல் வேண்டும். இடது கை விரல் முதல் பத்திச் சொல்லில், பென்சில் நுனி தான் எழுதிய சொல்லில். இரண்டையும் ஒரே நேரத்தில் எழுத்தெழுத்தாக நகர்த்தி, பெயர் சொல்லிக்கொண்டே போக வேண்டும்: அ, பெரிய றி, வி, ப், பு. எங்கே விரல் ஒத்துப்போகவில்லையோ அங்கே பிழை.

பிழை இருந்தால் அழிப்பான் வேண்டாம். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மறுபடி பார், மூடு, எழுது. தப்பான எழுத்தை மட்டும் மாற்றி ஒட்டுப்போடக் கூடாது, முழுச் சொல்லையும் புதிதாக எழுத வேண்டும். அடித்த சொல் நோட்டில் அப்படியே நிற்கட்டும். எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்று உங்களுக்குச் சொல்வது அந்த அடித்தல்கள்தான். ஆறு சொல்லும் முதல் நாளே சரியாக, அடித்தல் ஒன்றுகூட இல்லாமல் இருக்கும் நோட்டைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். ஒன்று அந்தப் பிள்ளைக்கு இந்தச் சொற்கள் முன்பே தெரியும், அல்லது மூடவில்லை.

மூன்று நாளும் ஒரே மாதிரி இருக்க வேண்டாம். செவ்வாயன்று பட்டியலின் வரிசையிலேயே எழுதட்டும். புதனன்று கடைசிச் சொல்லிலிருந்து மேலே போகட்டும். வியாழனன்று இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் வரிசை மாற்றிச் சொல்ல, மற்றவர் எழுத, பிறகு இருவரும் சேர்ந்து விரல் வைத்துச் சரிபார்க்கட்டும். அன்றைக்கு 'பார்' என்ற படியே இல்லை. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அந்த உதவியை எடுத்துவிடுவது நல்லது.

வெள்ளி: சிறு தேர்வு (15 நிமிடம்)

பத்துச் சொற்கள், ஒரு வாக்கியம். பத்தில் ஆறு இந்த வாரத்தவை, வரிசை மாற்றி. இரண்டு பழையவை: ஒன்று போன வாரக் குடும்பத்திலிருந்து, ஒன்று ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முந்தையதிலிருந்து. போன வாரம் வாழ் குடும்பம் என்றால் வாழ்த்து, அதற்கு முன்னால் பற குடும்பம் நடந்திருந்தால் பறவை. மீதி இரண்டும் நீங்கள் ஒளித்து வைத்தவை, அறிவுரையும் அறிஞரும்.

சொல்வதெழுதுதலில் ஒவ்வொரு சொல்லையும் தனியாக ஒருமுறை, ஒரு சிறு வாக்கியத்தில் ஒருமுறை, மறுபடி தனியாக ஒருமுறை சொல்லுங்கள். 'அறிவுரை. பாட்டி எனக்கு நல்ல அறிவுரை சொன்னார். அறிவுரை.' வாக்கியம் இல்லாமல் சொன்னால் பொருள் தெரியாது, பொருள் தெரியாவிட்டால் எந்தக் குடும்பம் என்று பிள்ளையால் கண்டுபிடிக்க முடியாது. பெரிய ற வரும் இடத்தில் குரலை அழுத்தி உதவ வேண்டாம். இயல்பாகச் சொல்லுங்கள்.

கடைசியில் வாக்கியம்: புதிய மாணவியை ஆசிரியர் அறிமுகம் செய்தார். தனிச் சொல்லாகச் சரியாக எழுதும் பிள்ளை வாக்கியத்துக்குள் தவறுவது சாதாரணமாக நடப்பதுதான். அங்கே கவனம் பல இடங்களுக்குப் பிரிகிறது. வாக்கியத்திலும் சரியாக வந்தால்தான் அந்தச் சொல் பிள்ளையின் கைக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

தாளை எப்படிப் படிப்பது

மதிப்பெண்ணை மட்டும் எழுதி மூடிவிட்டால் தேர்வு வீண். பத்துக்கு ஏழு என்பது மூன்று வெவ்வேறு பிள்ளைகளிடம் மூன்று வெவ்வேறு செய்திகளைச் சொல்லும்.

முதல் பிள்ளை அரிவு, அரிமுகம், அரிகுறி என்று எழுதியிருக்கிறது, மற்ற ஏழும் சரி. நான்கு நாள் எழுதியும் ற எல்லாச் சொற்களிலும் ஒட்டவில்லை. இந்தப் பிள்ளைக்கு வேர் இன்னும் பொருளோடு பதியவில்லை. திங்கட்கிழமை உரையாடலைத் தனியாக ஐந்து நிமிடம் மறுபடி நடத்த வேண்டும். அறி என்ற இரண்டெழுத்தை மட்டும் சில நாள் எழுதவிட்டு, அதன் பின்னால் வு, முகம் என்று சேர்க்கச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் பிள்ளை ஆறு சொல்லையும் சரியாக எழுதிவிட்டு, அரிவுரை, அரிஞர் என்று எழுதியிருக்கிறது. பழைய சொற்களிலும் ஒன்று தவறு. இந்தப் பிள்ளை உழைக்கிறது, ஆனால் படங்களாக மனப்பாடம் செய்கிறது. குடும்பத்தைப் பயன்படுத்தவில்லை. இதனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அறிவுரையில் உனக்குத் தெரிந்த சொல் எது? அறிவு என்று சொல்லிவிட்டால், மிச்சத்தை அதுவே திருத்திக்கொள்ளும். ஒளித்து வைத்த இரண்டு சொற்களைத் தேர்வில் சேர்ப்பது இந்த வகைப் பிள்ளையைக் கண்டுபிடிக்கத்தான். அவை இல்லையென்றால் இது முழு மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் போய் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடும்.

மூன்றாம் பிள்ளை அறிவிபு, வாழ்து, அறிந்தன் என்று எழுதியிருக்கிறது. ற எங்கேயும் பிசகவில்லை. ஒற்றும் நெடிலும் விடுபடுகின்றன. இந்தப் பிள்ளைக்குச் சொற்குடும்பம் மருந்து ஆகாது. சொல்லை மெதுவாக உடைத்துச் சொல்லி, ஒவ்வோர் ஒலிக்கும் மேசையில் ஒருமுறை தட்டிவிட்டு எழுதும் பயிற்சி வேண்டும். இதற்குக் காது உதவும், ஏனென்றால் விப்பு என்பதிலுள்ள அழுத்தம் காதில் தெளிவாகவே கேட்கிறது.

தவறிய சொல்லைப் பத்து முறை எழுதி வா என்று அனுப்பாதீர்கள். நான்காவது முறைக்குப் பிறகு கை மட்டும்தான் எழுதும். அதற்குப் பதிலாக, தவறியவற்றில் இரண்டை மட்டும் பிள்ளையின் அடுத்த வாரப் பட்டியலின் அடியில் சேர்த்துவிடுங்கள். ஆறு சொல் எட்டாகும், அவ்வளவுதான். இரண்டுக்கு மேல் சேர்த்தால் தடுமாறும் பிள்ளைக்கே அதிகச் சுமை போய்ச் சேரும். ஆறில் பாதிக்குமேல் தொடர்ந்து தவறும் பிள்ளைக்குப் பட்டியலையே மூன்று சொல்லாகக் குறைத்துவிடுங்கள், வேரை மட்டும் மாற்றாதீர்கள். அப்போதுதான் திங்கட்கிழமை உரையாடலில் அது மற்றவர்களோடு இருக்கும்.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு

இங்கே வேர்ச்சொல் பேச்சு எடுபடாது. முடியும் எழுத்தால் குடும்பம் கட்டுங்கள். கண், மண், பெண், விண் ஒரு வாரம். கல், பல், நெல், வில் ஒரு வாரம். நாள், தோள், தேள், முள் வேறொரு வாரம். மூன்று அல்லது நான்கு சொல் போதும், தேர்விலும் நான்குதான். வால், வாள் இரண்டும் இந்த வகுப்பில் ஒரே மாதத்துக்குள்கூட வர வேண்டாம்.

நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு: எழுத்து மாறும் குடும்பங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அறி குடும்பத்தில் ற எங்கும் மாறாது. ஆனால் முயல், முயன்றான், முயற்சி என்ற குடும்பத்தைப் பாருங்கள். ல் ஓரிடத்தில் ன் ஆகிறது, இன்னோரிடத்தில் ற் ஆகிறது. முதல் பார்வைக்குக் குழப்பமாகத் தெரிந்தாலும், இந்த மாற்றம் ஓர் ஒழுங்கில் நடக்கிறது. அந்த ஒழுங்கே ல, ள, ழ ஐயத்தைத் தீர்க்கும் கருவி.

பிள்ளைகள் நேற்று நடந்ததாகச் சொல்லிப் பார்க்கட்டும். செல், சென்றான். வெல், வென்றான். பயில், பயின்றான். ன்ற வந்தால் வேரில் ல். ஆள், ஆண்டான். உருள், உருண்டான். மீள், மீண்டான். ண்ட வந்தால் வேரில் ள். வாழ், வாழ்ந்தான். மகிழ், மகிழ்ந்தான். சூழ், சூழ்ந்தான். ழ் மாறாமல் நின்று பக்கத்தில் ந்த வந்தால் ழ். சுழல் என்பதன் கடைசி எழுத்து ல் தானா ள் தானா என்று ஐயமா? சுழன்றது என்கிறோம், ஆகவே ல். புரள்? புரண்டது, ஆகவே ள். இதைச் சொல்லிக்கொடுக்கும்போதே ட வுக்கு முன்னால் ண், ற வுக்கு முன்னால் ன், த வுக்கு முன்னால் ந் என்பதும் தானாகப் பதிந்துவிடும்.

எல்லாம் இந்த வழியில் வராது. சொல், சொன்னான் என்று ஆகிறது. கேள், கேட்டான் என்றும், கல், கற்றான் என்றும் ஆகின்றன. இவற்றைத் தனி வாரமாக எடுங்கள். கேட்டான், கேள்வி, கற்றான், கல்வி என்று பக்கத்தில் வைத்தால் ட் வரும் குடும்பத்தில் ள், ற் வரும் குடும்பத்தில் ல் என்பது அங்கேயும் பிடிபடும்.

இந்தக் குடும்பங்களிலிருந்து இன்னொரு பெரிய பிழைக்கும் தீர்வு கிடைக்கிறது. முயற்ச்சி, பயிற்ச்சி, காட்ச்சி என்று பெரியவர்களே எழுதுகிறார்கள். வளர்ச்சி, மகிழ்ச்சி போன்றவற்றில் ச் இருப்பதால் இவற்றிலும் இருக்கும் என்ற எண்ணம். ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னோர் ஒற்று வராது. ஆகவே முயற்சி, பயிற்சி, காட்சி, ஆட்சி. ர், ழ் இவற்றுக்குப் பின்னால் வரலாம். ஆகவே வளர்ச்சி, மகிழ்ச்சி, வீழ்ச்சி. முதல் வாரம் ற், ட் வரும் நான்கு சொற்களையும், சில வாரம் கழித்து ர், ழ் வரும் சொற்களையும் கொடுங்கள். அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை இரண்டையும் கலந்து சொல்லுங்கள்.

உறவே இல்லாத சொற்களும் நிறைய இருக்கின்றன. நரி, கிளி, மரம் போன்றவற்றுக்கு வேரைத் தேடிக்கொண்டிருப்பது வீண், அவற்றைப் பார், மூடு, எழுது, சரிபார் முறையில் நேராகக் கற்றுவிடலாம். இல்லாத உறவை இழுத்துப்பிடித்துச் சொல்வது இன்னும் மோசம். எண்ணிக்கை, எண்ணம் எல்லாம் எண் குடும்பம். எண்ணெய் அப்படியில்லை, அது எள்ளின் நெய். பொருள் சேர்கிறதா என்ற திங்கட்கிழமைக் கேள்வி ஆசிரியருக்கும் உண்டு. ஐயம் இருந்தால் அகராதியைப் பார்த்துவிட்டு, அப்போதும் தெளியாவிட்டால் அந்தச் சொல்லைப் பட்டியலில் சேர்க்காமல் விடுங்கள்.

அடுத்த வாரக் குடும்பத்தை இந்த வாரத் தாள்களே பெரும்பாலும் சொல்லிவிடும். அறிகுறியில் இரண்டாவது றியில் பலர் தவறியிருந்தால், திங்கட்கிழமை கரும்பலகையின் நடுவில் குறி என்று எழுதுங்கள். குறிப்பு, குறிக்கோள், குறித்தான், குறியீடு என்று ஒரு வாரத்துக்கு வேண்டிய சொற்கள் அதில் இருக்கின்றன. அறிகுறியைப் பழைய சொல்லாக அந்த வெள்ளிக்கிழமையும் சேர்த்துக்கொள்ளலாம்.